கைதும் சோதனையும்: ஒரு வழக்கை வைத்துச் சட்டத்தைப் படிப்போம்

1 ஜூலை 2024 முதல் இந்தியாவில் கைது, சோதனை இரண்டுக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான் சட்டம். பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு வழக்கின் தாள்களைச் சரிபார்க்கப் பழகுங்கள். இதற்காக ஒரு கற்பனை வழக்கு.

செல்வம் ஒரு மெக்கானிக். செவ்வாய் மாலை 6 மணிக்கு, "சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க" என்று இரண்டு போலீஸார் அவரைப் பட்டறையிலிருந்து அழைத்துப் போகிறார்கள். ஸ்டேஷனில் அவருடைய போனை வாங்கி மேசையில் வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால் "உட்காரு" என்கிறார்கள். புதன் காலை 11 மணிக்குக் கைது என்று எழுதுகிறார்கள். வியாழன் காலை 10 மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறார்கள்.

படி 1: நேரத்தை எண்ணுங்கள்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது பிரிவு 58. பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. தாளைப் பார்த்தால் 23 மணி நேரம்தான், தவறே இல்லை.

ஆனால் எப்போது கைது என்பதைத் தாள் தீர்மானிப்பதில்லை. ஒருவர் விரும்பியபடி எழுந்து போக முடியாத நிலை வந்துவிட்டால் அதுவே கைது என்று 1990-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படி எண்ணினால் செல்வம் 40 மணி நேரம் காவலில் இருந்திருக்கிறார்.

இதை நிரூபிப்பதுதான் கஷ்டம். பட்டறைக்கு எதிர்க்கடையின் சிசிடிவி, செல்வத்தின் போன் எந்த டவரில் இருந்தது என்ற பதிவு, மனைவி அன்றிரவு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாமே உதவும். ஸ்டேஷன்களில் கேமரா வைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2020-இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுங்கள். கடைக்காரரின் கேமராவில் பழைய பதிவு சில நாள்களிலேயே அழிந்துவிடும், அதனால் அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

படி 2: கைதுக்கான காரணத்தைப் படியுங்கள்

செல்வத்திடம் கொடுத்த தாளில் குற்ற எண்ணும், 'பிரிவு 303(2), திருட்டு' என்ற வரியும் மட்டுமே உள்ளன. இது போதாது. எந்தத் திருட்டு, எப்போது நடந்தது, செல்வத்தைச் சந்தேகிக்க என்ன ஆதாரம் என்று அவரைப் பற்றிய விவரம் வேண்டும். 'விசாரணைக்குத் தேவைப்படுகிறார்' என்பதை யாருடைய தாளிலும் எழுதலாம், அதனால் அது காரணமாகாது.

எந்தக் குற்றமானாலும் கைதின் காரணத்தைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நவம்பர் 2025-இல் தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர முடியாவிட்டால் அப்போதைக்கு வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வக்கீல் அதைப் படித்து ரிமாண்டை எதிர்க்க அந்த அவகாசம் தேவை. செல்வத்துக்குக் காலை 9.30-க்குத் தாள் கொடுத்து, 10 மணிக்கு நிறுத்தினால் அந்தக் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம், அவரை விடுவிக்க வேண்டும். ஆனால் வழக்கு முடிந்துவிடாது. காரணத்தை முறைப்படி எழுதிக் கொடுத்துப் போலீஸ் மீண்டும் காவல் கேட்க முடியும்.

படி 3: வீட்டுச் சோதனையைப் பாருங்கள்

புதன் மதியம் எஸ்.ஐ. வாரண்ட் இல்லாமல் செல்வத்தின் வீட்டுக்கு வருகிறார். வாரண்ட் இல்லை என்பதாலேயே சோதனை தவறாகிவிடாது. வாரண்டுக்குக் காத்திருந்தால் தாமதமாகும் என்று நம்பக் காரணம் இருந்தால், அதை எழுதி வைத்துவிட்டுச் சோதிக்கலாம் என்கிறது பிரிவு 185. எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

சோதனை தொடங்குமுன் அக்கம்பக்கத்தில் மதிக்கத்தக்க, வழக்கில் சம்பந்தமில்லாத இருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். பொருள்களைப் பட்டியலிட்டுச் சாட்சிகள் கையெழுத்திடுவது வரை வீடியோ எடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் உடனிருக்கலாம், பட்டியலின் நகலையும் வாங்கிக்கொள்ளலாம். செல்வத்தின் மனைவியைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு பெண்தான் சோதிக்க வேண்டும்.

வழக்கமாகக் கோளாறு நடப்பது கைப்பற்றிய பொருள்களைப் பட்டியலிட்டுச் சாட்சிகள் கையெழுத்திடும் மகஜரில்தான். வீட்டில் எடுத்த பொருளுக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்து மகஜர் எழுதுவார்கள், சாட்சியிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். 'செல்போன் 1' என்று எழுதியிருந்தால் அது எந்தப் போன் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கம்பெனி, நிறம், ஐஎம்இஐ எண், எந்த அறையில் எங்கே இருந்தது என்பதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். மகஜரில் உள்ள நேரமும் வீடியோவின் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் குறித்து வையுங்கள்.

பலர் ஏமாறும் இடமும் இதுதான். சோதனையில் முறைகேடு என்பதற்காக மட்டும் கிடைத்த பொருளை நீதிமன்றம் ஒதுக்கிவிடாது. 1973-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அந்தப் பொருள் அங்கே இருந்ததா என்ற சந்தேகத்தைக் குறுக்கு விசாரணையில் எழுப்பத்தான் இந்த ஓட்டைகள் பயன்படும்.

படி 4: மாஜிஸ்திரேட் முன்

செல்வம் அங்கே முதலில் சொல்ல வேண்டியது, "செவ்வாய் மாலை ஆறு மணிக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க, அம்மா" என்பதுதான். காயம் இருந்தால் காட்ட வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைக்கு வந்ததா என்றும் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைப் பதிவு செய்யும்படி வக்கீல் அங்கேயே கேட்க வேண்டும்.