பழனி ஆண்டவர் படத்தை ஏஐ-யில் எடுக்கப் போய் நான் மாட்டிக்கொண்ட இடம், வெளியே வந்த வழி

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் பாதயாத்திரைக் குழுவின் அன்னதானப் பந்தலுக்கு ஒரு ஃப்ளெக்ஸும் 500 நோட்டீஸும் அடிக்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் கூகுளில் கிடைக்கிற அதே காலண்டர் படத்தைத்தான் போடுவோம். இந்தத் தடவை ஏஐ-யில் புதிதாக ஒன்று எடுக்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன். ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தது ஐந்து ராத்திரி ஆனது. அதில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கணக்கு திறப்பது, ப்ராம்ப்ட் எங்கே தட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எந்தக் கோலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"முருகன்" என்று மட்டும் போட்டால் கருவி தன் இஷ்டத்துக்கு எடுக்கும். எனக்கு முதலில் வந்தது, மயில் பக்கத்தில் நிற்க, தலையில் மயிற்பீலி, நீல நிற உடம்பு. கிட்டத்தட்ட கண்ணன். மயில் என்றதும் கண்ணன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதனால் ஆறுமுகமா, வள்ளி தெய்வானையோடா, பழனி ஆண்டிக் கோலமா என்று ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள். நான் ஆண்டிக் கோலம் என்று முடிவு செய்து இப்படித் தட்டினேன்:

```
Palani Dandayudhapani, young boy ascetic, shaven head,
loincloth, holding a staff, hill temple behind
```

படி 2: மறுப்பு வந்தால், எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் பயன்படுத்திய இணையக் கருவி (பெயர் வேண்டாம்) "இந்தப் படத்தை உருவாக்க இயலாது" என்று சொன்னது. சாமி படம் என்பதால்தான் மறுக்கிறது என்று நினைத்து, சாமி பெயரை எடுத்துவிட்டுப் போட்டேன். மறுத்தது. எழுத்துக்கூட்டலை மாற்றிப் போட்டேன். அதற்கும் மறுத்தது. இரண்டு ராத்திரி இப்படியே போனது.

பொதுவாக இந்தக் கருவிகளில் மூன்று இடத்தில் கை வைப்பார்கள். முதலில் நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்க்கும் சோதனை. அடுத்து, சில கருவிகள் உங்கள் ப்ராம்ப்டைத் தாங்களே திருத்தி எழுதிக்கொள்ளும். கடைசியில், படம் தயாரான பிறகு படத்தையே பார்க்கும் சோதனை. மறுப்பு தட்டின கையோடு, ஒன்றிரண்டு நொடிக்குள் வந்தால் பெரும்பாலும் உங்கள் வார்த்தையில் பிரச்சினை. படம் தயாராவதைக் காட்டும் பட்டை முழுக்க ஓடி, மங்கலாக ஏதோ தெரிகிற மாதிரி வந்து, அப்புறம் மறுத்தால் படத்தில் பிரச்சினை. எனக்கு ஒவ்வொரு தடவையும் கடைசி வரை ஓடித்தான் நின்றது. அதைக் கவனித்திருந்தால் இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

படத்தில் அப்படி என்ன இருக்கிறது? நமக்கு அது ஞானப்பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளை. மெஷினுக்கு அது கோவணம் மட்டும் கட்டிய ஒரு சின்னப் பையன். சாமி, கதை எதுவும் அதற்குக் கணக்கில்லை. குழந்தை, வெற்றுடம்பு என்ற இரண்டும் ஒரே படத்துக்குள் வந்தால் பெரும்பாலான கருவிகள் பதறும். பதறவும் வேண்டும்; குழந்தைகள் விஷயத்தில் அந்த வேலி தளர்ந்து இருப்பதை நானே விரும்ப மாட்டேன்.

வீட்டுக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஓட்டுகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் பழைய 1.x பதிப்புகளோடு வரும் சோதனைப் பகுதி, படத்தை 17 ஆபாசக் கருத்துகளோடு ஒப்பிட்டு, நெருங்கி வந்தால் முழுக் கறுப்புப் படம் தரும். அதற்கும் முன்னால் படத்தில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து, இருந்தால் எல்லையை இன்னும் இறுக்கிவிடும். பைத்தானில் `diffusers` நூலகம் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால், கறுப்புப் படம் ஏன் வந்தது என்று பார்க்க, நீங்கள் ஏற்றிவைத்த `pipe`-இல்:

```
out = pipe(prompt)
print(out.nsfw_content_detected)
```

`[True]` என்று வந்தால் விஷயம் அதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சோதனை ரத்தத்தையும் வன்முறையையும் பார்ப்பதே இல்லை. மண்டை ஓட்டு மாலையோடு காளி தடையில்லாமல் போய்விடுவாள், கோவணாண்டி மாட்டிக்கொள்வார்.

படி 3: கருவியை ஏமாற்றாதீர்கள், கோலத்தை மாற்றுங்கள்

எழுத்தை மாற்றிப் போடுவது, "இது வெறும் சிலை" என்று சொல்லிப் பார்ப்பது எல்லாம் நேர விரயம். திரும்பத் திரும்ப முட்டினால் கணக்கே முடங்கும் ஆபத்தும் உண்டு.

வழி பழனியிலேயே இருந்தது. எங்கள் குருசாமியிடம் புலம்பியபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஆண்டிக் கோலம் வரலேன்னா ராஜ அலங்காரம் போடேன்ப்பா. சாயரட்சைக்கு அவர் ராஜாவாத்தானே நிக்கிறார்?" கிரீடம், பட்டு, மாலை. உடம்பு மறைந்துவிடுகிறது, கோலமும் பழனிக்கே உரியது. யாரும் "இது என்ன புது முருகன்" என்று கேட்க முடியாது. ப்ராம்ப்ட் இப்படி மாறியது:

```
Lord Murugan of Palani in Raja Alangaram, young man,
crowned, silk robes and garlands covering the body,
two arms, holding a tall leaf-bladed spear,
three horizontal white ash lines on forehead,
South Indian calendar art, no text
```

முதல் தடவையிலேயே படம் வந்தது. `boy` போய் `young man` வந்ததைக் கவனியுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பாதிப் பங்கு உண்டு. `vel` என்று போட்டால் எனக்குச் சில சமயம் சூலம் வந்தது, வெறும் `spear` என்றால் ரோமானியச் சிப்பாயின் ஈட்டி. `leaf-bladed` சேர்த்த பிறகுதான் வேல் மாதிரி ஆனது.

உங்கள் கருவி ப்ராம்ப்டைத் திருத்தி எழுதுகிற வகை என்றால், அது என்ன எழுதியது என்றும் பாருங்கள். டால்-ஈ 3-ஐ ஏபிஐ வழியாக ஓட்டியபோது `revised_prompt` என்ற இடத்தில் அது அப்படியே வந்தது. நீங்கள் எழுதிய சாமி பெயர் அங்கே இல்லையென்றால், படத்தில் முருகனைத் தேடிப் பயனில்லை.

படி 4: நெற்றியில் இருந்து சரிபாருங்கள்

படம் வந்துவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன். வாட்ஸப் குழுவில் இரண்டே நிமிஷத்தில் ஒரு அண்ணன் கேட்டார்: "தம்பி, முருகனுக்கு எப்போ நாமம் போட்டாங்க?"

பெரிதாக்கிப் பார்த்தால், மூன்று வெள்ளைக் கோடு இருந்தது உண்மைதான், ஆனால் செங்குத்தாக. கருவிக்கு அது வெள்ளைக் கோடு, நமக்கு சைவம் வைணவம். கெட்ட எண்ணத்தோடு செய்தது இல்லை என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. ஃப்ளெக்ஸில் ஏறியிருந்தால் அது எங்கள் குழுவின் அவமரியாதையாகத்தான் போயிருக்கும்.

நான் பார்க்கும் வரிசை: நெற்றி, வேல், விரல்கள், கைகளின் எண்ணிக்கை, பூணூல் இருந்தால் இடது தோளில் இருந்து இறங்குகிறதா, கடைசியாகக் கால். கால் விரல் ஆறு இருந்தது எனக்கு. ஆறுமுகம் கேட்டால் இன்னும் கஷ்டம். பன்னிரண்டு கை நான் ஒரு தடவைகூடச் சரியாக வாங்கவில்லை.

நெற்றியைச் சரிசெய்ய மறுபடி மறுபடி புதுப் படம் எடுக்காதீர்கள், முகமே மாறிப்போகும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் திறந்து, புது லேயர் போட்டு, மெல்லிய வெள்ளை பிரஷ்ஷால் மூன்று கோடு கையாலேயே இழுத்தேன். பத்து நிமிஷம். இந்த வேலைக்கு ஃபோட்டோஷாப்பே தேவையில்லை என்பது என் கட்சி. வேலாயுதத்தையும் இப்படியே செய்யலாம்: ஒரு தடவை சுத்தமாக வரைந்து பின்னணி இல்லாத பிஎன்ஜி-யாக வைத்துக்கொண்டால் எல்லாப் படத்திலும் மேலே வைத்துவிடலாம்.

சேர்க்கை 1: பின்னூட்டத்தில் வந்தது

நாகப்பட்டினத்தில் இருந்து ஒருவர், மத நல்லிணக்க பேனருக்கு முருகன், வேளாங்கண்ணி மாதா, இஸ்லாம் மூன்றும் ஒரே படத்தில் வேண்டும், மூன்றாவதற்கு யாரைப் போடுவது என்று கேட்டிருந்தார். யாரையும் போடாதீர்கள். முருகனும் மாதாவும் உருவத்தில் வாழ்கிறவர்கள். நபிகள் நாயகத்தை உருவமாகக் காட்டக்கூடாது என்பது முஸ்லிம்களிடம் மிக ஆழமான வழக்கம். பழைய பாரசீக, துருக்கி ஓவியங்களில் முகத்தைத் திரையிட்டு வரைந்தது உண்டு. ஆனால் நம் ஊர் பேனருக்கு அதை ஆதாரம் காட்ட முடியாது. பல கருவிகள் இதை மறுத்துவிடும். ஏதாவது ஒன்று வரைந்து கொடுத்தாலும் அது அனுமதி ஆகாது.

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களைப் போடுங்கள் என்றேன். மூன்று நாள் கழித்துப் படம் அனுப்பினார், மினாரா அழகாக இருந்தது. ஆனால் மேலே அலங்காரத்துக்கு அரபி எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கல். கருவிகள் அரபியை வடிவமாக மட்டும் வரைந்துவிடும், படித்தால் சொல் இருக்காது. இறைவன் பெயரைப் பாதி எழுதின மாதிரி ஆகிவிடும். ப்ராம்ப்டில் `no text, no calligraphy` சேர்க்கச் சொன்னேன். எழுத்து வேண்டுமென்றால் தெரிந்தவர் ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்ததை மேலே வையுங்கள்.

சேர்க்கை 2:

"எங்கள் உபயதாரர் தன் பேரன் முகத்தை பாலமுருகனாக மாற்றிக் கேட்கிறார், எந்தக் கருவி நல்லது?" என்று இன்னொருவர். பேரனுக்கு முருகன் வேஷம் போட்டு ஸ்டூடியோவில் போட்டோ எடுங்கள். நம் ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். பந்தல் ஃப்ளெக்ஸில் சாமி இருக்க வேண்டிய இடத்தில் அந்த முகத்தை வைத்தால் கும்பிட வருகிறவர் யாரைக் கும்பிடுவார்? உண்மையான குழந்தையின் போட்டோவை வெற்றுடம்புப் படத்தில் ஒட்டுவதைக் கருவியும் விடாது, விடவும் கூடாது.

படி 5: எதில் அச்சாகிறது

இதை நான் கடைசியில் யோசித்தேன், நீங்கள் முதலிலேயே யோசியுங்கள். ஃப்ளெக்ஸ் உயரத்தில் நிற்கும். நோட்டீஸ் அப்படி இல்லை. பொங்கல் வாங்கின கையோடு கீழே விழும், நூறு பேர் மிதிப்பார்கள். ப்ரூஃப் பார்த்த குருசாமி, "ஃப்ளெக்ஸ்ல ராஜா இருக்கட்டும். கீழே விழுற பேப்பர்ல அவர் முகம் வேணாம், எடுத்துடு" என்றார். இரண்டு ராத்திரி பட்டுச் சரிகையைச் சரிசெய்த எனக்கு வருத்தம்தான். நோட்டீஸில் ஓரமாக ஒரு மயிலிறகு மட்டும் போட்டோம். அதை வரைய ஏஐ தேவைப்படவில்லை.

உங்கள் கருவியில் ஆண்டிக் கோலம் தடையில்லாமல் வந்தால் எந்தப் ப்ராம்ப்ட் என்று கீழே எழுதுங்கள். மறுப்பு வந்திருந்தால், தட்டின உடனே வந்ததா, பட்டை ஓடி முடிந்து வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.