'படி' என்றால் எந்தப் படி? சூழலைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைப் பிடிக்கும் முறை

மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு பத்திரத்தில் இந்த வரி வந்தது: "ஒப்பந்தத்தின் படி இரு தரப்பினரும் வைத்திருக்க வேண்டும்." நான் யோசிக்காமல் 'அக்கார்டிங் டு தி அக்ரிமென்ட்' என்று ஆரம்பித்துவிட்டேன். வாக்கியத்தை முடிக்கப் போகும்போதுதான் இடித்தது. வைத்திருக்க வேண்டும், சரி. எதை வைத்திருக்க வேண்டும்? எழுதியவர் சொன்னது ஒப்பந்தத்தின் நகலை. அங்கே படி என்றால் காப்பி.

பல பொருள் உள்ள சொற்களுக்குப் பழக 'படி'யை விட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. வாசிப்பது ஒரு படி, ஏறுவது ஒரு படி, அளப்பது ஒரு படி. நகலும் படிதான், சம்பளத்தோடு வரும் அலவன்ஸும் படிதான். தூசி மேசைமேல் படிகிறது. இதெல்லாம் போதாதென்று 'சொன்னபடி', 'சட்டப்படி' என்று வேறு சொற்களின் வாலிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இது ஒன்றைப் பிரிக்கப் பழகிவிட்டால் அடி, மாலை, நூல் போன்றவற்றையும் இதே வழியில் பிரிக்கலாம்.

முதல் படி (ஆமாம், இதுவும் ஒரு படிதான்): சொல்லின் முடிவைப் பாருங்கள்

அகராதியைத் திறக்கும் முன் சொல்லின் வாலைப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். படித்தான், படிக்கிறான், படிப்பான் என்று 'த்த்', 'க்கிற்', 'ப்ப்' வந்தால் அது வாசிக்கிற படி. கடிதம் என்றால் ரீட், கல்லூரி என்றால் ஸ்டடி. படிந்தது, படிகிறது, படியும் என்று மெலிந்து வந்தால் தூசியும் வண்டலும் படிகிற படி; ஆங்கிலத்தில் செட்டில். 'படித்த தாள்' வேறு, 'படிந்த தூசி' வேறு. நடுவில் உள்ள அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

படியை, படியில், படிகள் என்று வேற்றுமை உருபோ 'கள்' விகுதியோ சேர்ந்தால் பெயர்ச்சொல். இதில் ஒரு கண்ணி உண்டு. 'படிக்கும்' என்பது வினையாகவும் இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம். "படிக்கும் பெண்" என்றால் வாசிக்கிறவள். "படிக்கும் கதவுக்கும் நடுவே" என்றால் வாசல் படி. பக்கத்திலேயே இன்னொரு 'க்கும்' ஜோடியாக நின்றால் அது பெயர்ச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: ஒட்டியிருந்தால் முன்னால் நிற்பது என்ன?

தொடக்க நிலையில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான், நிதானமாகப் பார்ப்போம்.

முன்னால் நிற்பது சொன்ன, பேசிய, வரும் மாதிரியான பெயரெச்சமாக இருந்தால் ஆங்கிலத்தில் மூன்று வழிகள் திறக்கும். "நாளை வரும்படி சொன்னார்" என்பதில் படிக்குத் தனிச் சொல்லே வேண்டாம். 'டு கம்' என்றால் போதும். "பேசியபடி நடந்தாள்" என்றால் 'வைல்'. "அவர் சொன்னபடி செய்தேன்" என்றால் 'ஆஸ்'.

கடைசி இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இரண்டு வேலைகளையும் செய்தவர் யார் என்று பாருங்கள். சொன்னவர் அவர், செய்தவன் நான். ஆள் மாறினால் பெரும்பாலும் 'ஆஸ்'. பேசியவளும் நடந்தவளும் ஒருத்தியே என்றால் 'வைல்' ஆக வாய்ப்பு அதிகம். ஆனால் உறுதி இல்லை. "சொன்னபடி கிளம்பிப் போனான்" என்பதைப் பாருங்கள். ஆள் ஒருவன்தான். ஆனாலும் 'சொல்லிக்கொண்டே போனான்' என்றும் எடுக்கலாம், 'முன்பே சொன்ன மாதிரி போனான்' என்றும் எடுக்கலாம். முந்தின வரியில் அவன் போகப்போவதாகச் சொல்லியிருந்தால் இரண்டாவது பொருள். இல்லையென்றால், அவன் என்ன சொன்னான் என்று மேற்கோள் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முதல் பொருள்.

முன்னால் நிற்பது பெயர்ச்சொல்லாக இருந்தால் வேறொரு சிக்கல். சட்டப்படி, பயணப்படி: பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது 'லீகலி', இரண்டாவது 'டிராவல் அலவன்ஸ்'. 'ஐ' சேர்த்துப் பாருங்கள். "பயணப்படியை உயர்த்தினார்கள்" என்று சொல்லலாம். 'சட்டப்படியை' என்று யாரும் சொல்வதில்லை. வேற்றுமை உருபை ஏற்றால் அது ஒரு பொருளின் பெயர். ஏற்காவிட்டால் 'அந்த முறையில்' என்கிற வால்.

மூன்றாவது: வினையிடம் 'எதை?' என்று கேளுங்கள்

நான் சறுக்கிய வரிக்கே திரும்பலாம். 'வைத்திருக்க' என்ற வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். அந்த வாக்கியத்தில் அந்த இடத்துக்கு வரக்கூடியது 'படி' ஒன்றுதான். எனவே அது நகல். இப்போது வரியைக் கொஞ்சம் மாற்றுங்கள்: "ஒப்பந்தத்தின் படி இரு தரப்பினரும் கணக்கு வைத்திருக்க வேண்டும்." 'எதை' என்றதற்குக் கணக்கு வந்து பதில் சொல்லிவிட்டது. படிக்கு அந்த வேலை இல்லை. அது 'அக்கார்டிங் டு' ஆகிவிடுகிறது. ஒரே ஒரு சொல் சேர்ந்ததில் மொத்தப் பொருளும் திரும்பிவிட்டது.

இடைவெளியை நம்பலாமா என்று கேட்பீர்கள். 'இதன்படி' என்று சேர்த்து எழுதினால் 'அக்கார்டிங்', 'இதன் படி' என்று பிரித்தால் காப்பி என்பது நல்ல வழக்கம்தான். ஆனால் நடைமுறையில் பலரும் இஷ்டத்துக்குப் பிரிக்கிறார்கள். இடைவெளியைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்; தீர்ப்பை வினையிடம் விட்டுவிடுங்கள்.

நான்காவது: ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே மாற்றுங்கள்

ஐயம் இருந்தால் படியை எடுத்துவிட்டு நகல், சம்பளத்தோடு வரும் கூடுதல் தொகை, மாதிரி, கொண்டே என்று ஒவ்வொன்றாகப் போட்டு வாசித்துப் பாருங்கள். தமிழ்க் காதுக்கு ஒட்டாதது ஆங்கிலத்திலும் ஒட்டாது. இந்த மூன்று வரிகளில் முயன்று பாருங்கள்:

"மேலாளர் சொன்னபடி படியேறி மாடிக்குப் போனேன். பயணப்படி கேட்டு எழுதிய மனுவின் படி ஒன்றைத் தூசி படிந்த கோப்பிலிருந்து எடுத்தார். விதிப்படி அதை முழுதும் படித்துவிட்டு, நாளை வரும்படி சொன்னார்."

முதல் படிக்கு முன்னால் பெயரெச்சம், சொன்னவர் வேறு, போனவன் வேறு: 'ஆஸ்'. அடுத்ததில் 'ஏறி' இருப்பதால் 'ஸ்டெப்ஸ்'. 'கேட்டு' என்பதற்கு எதை என்றால் பயணப்படி: அலவன்ஸ். 'மனுவின் படி ஒன்றை' என்பதில் 'ஒன்று' வந்து எண்ணிக் காட்டுகிறது, 'எடுத்தார்' பொருளைக் கேட்கிறது: காப்பி. படிந்த, 'ந்த்': தூசி 'செட்டில்' ஆன கோப்பு. விதிப்படி 'ஐ' ஏற்காது: 'ஆஸ் பெர் ரூல்ஸ்'. படித்துவிட்டு, 'த்த்': ரீட். வரும்படி: 'டு கம்'.

சில வரிகளில் இந்த நான்கும் கைவிடும். "இன்னும் படி வரவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் வாலும் இல்லை, முன்சொல்லும் இல்லை, 'எதை' என்றும் கேட்க முடியாது. வராதது நகலா, தொகையா? முந்தைய மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அதில் சான்றிதழ் பேச்சு ஓடினால் காப்பி, சம்பளப் பேச்சு ஓடினால் அலவன்ஸ். இரண்டும் இல்லையென்றால் ஊகிக்காதீர்கள், அனுப்பியவரிடமே கேட்டுவிடுங்கள்.