மாத்திரை மட்டும் போதாதபோது: டெஸ்டோஸ்டிரோன் குறைவையும் சேர்த்துச் சரிசெய்வது எப்படி?

விறைப்புக் குறைபாட்டுக்கு சில்டனாஃபில் அல்லது டடலாஃபில் சாப்பிட்டும் பலன் இல்லை என்று திரும்பி வரும் ஆண்களில் ஒரு பகுதியினருக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருக்கும். அந்தக் குறையைச் சரிசெய்து மாத்திரையையும் தொடர்ந்தால், அவர்களில் சிலருக்கு மாத்திரை வேலை செய்யத் தொடங்கும். எல்லோருக்கும் அல்ல. யாருக்குப் பலன் கிடைக்கும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். டெஸ்டோஸ்டிரோனை மருத்துவர் சீட்டில்தான் தொடங்க வேண்டும். அவரிடம் போகும்போது என்ன கேட்பது, என்ன எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொள்ள இதைப் படியுங்கள்.

உதாரணத்துக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை நோய், கொஞ்சம் தொப்பை. சில்டனாஃபில் 50 மில்லிகிராம் நான்கு முறை போட்டுப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிட்டார். ஆசையே குறைந்துவிட்டது என்றும் சொல்கிறார். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி குழந்தை வேண்டாம்.

முதலில்: ஏன் இரண்டும் தேவைப்படுகிறது?

பாலுணர்வு தூண்டப்படும்போது ஆணுறுப்பின் நரம்புகளிலும் ரத்தக்குழாய் சுவர்களிலும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அதிலிருந்து, தசையைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே விடும் ஒரு பொருள் உண்டாகிறது. அந்தப் பொருளைச் சிதைக்கும் என்சைமைத் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. தொட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையை மாத்திரை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயில் தண்ணீரே வராவிட்டால் ஓட்டையை அடைத்து என்ன பயன்? நைட்ரிக் ஆக்சைடு போதுமான அளவு உருவாக டெஸ்டோஸ்டிரோன் உதவுகிறது என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆசைக்கும் அதுதான் ஆதாரம். ஆசை இல்லாவிட்டால் தூண்டுதல் இல்லை, தூண்டுதல் இல்லாவிட்டால் மாத்திரைக்கு வேலை இல்லை.

படி 1: மாத்திரை உண்மையிலேயே தோற்றதா என்று பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கும் படி இது. நம் ஆள் நான்கு முறையும் இரவுச் சாப்பாடு முடித்து, படுக்கப் போகும்போது மாத்திரை போட்டிருக்கிறார். அதில் இரண்டு நாள் பிரியாணி. எண்ணெய், கொழுப்பு அதிகமுள்ள சாப்பாட்டோடு சில்டனாஃபில் போட்டால் அது ரத்தத்தில் ஏறுவது சுமார் ஒரு மணி நேரம் தாமதமாகும், ஏறும் உச்ச அளவும் குறையும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் அவர் தூங்கியிருப்பார்.

சரியான முறை இதுதான். வெறும் வயிற்றில், அல்லது லேசாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். போட்டுவிட்டுச் சும்மா காத்திருந்தால் எதுவும் நடக்காது, தூண்டுதல் வேண்டும். மருத்துவர் அனுமதித்தால் 100 மில்லிகிராம் வரை ஏற்றி, வெவ்வேறு நாட்களில் ஆறு முதல் எட்டு முறையாவது முயன்ற பிறகுதான் தோல்வி என்று சொல்லலாம். சாப்பாட்டு நேரம் ஒத்துவரவில்லை என்றால் டடலாஃபிலுக்கு மாறலாம். அதற்குச் சாப்பாடு தடையில்லை, பலனும் ஒரு நாளைக்கு மேல் இருக்கும்.

இங்கே ஒரு கண்டிப்பு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பவர்களும், நைட்ரேட் வகை மருந்து எதையாவது எடுப்பவர்களும் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். இன்னொன்று: சர்க்கரை நோயாளிக்கு விறைப்புக் குறைவது இதயக் குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அதனால் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நம் ஆள் இப்படிச் சரியாக எடுத்தபோது கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் போதவில்லை. விறைப்பை அளக்க ஐந்து கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, மொத்தம் 25 மதிப்பெண். அவருக்கு 10 வந்தது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 2: ரத்தப் பரிசோதனை, காலையில், இரண்டு முறை

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டாலும் குறையும். எனவே வெறும் வயிற்றில், காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் ரத்தம் கொடுங்கள். மாலை ஐந்து மணிக்கு எடுத்த ரிப்போர்ட்டை வைத்து ஊசி தொடங்குவது தவறு. காய்ச்சல் வந்து தேறிய வாரத்திலும் எடுக்க வேண்டாம், அப்போது தற்காலிகமாகக் குறைந்திருக்கும்.

முதல் முடிவு குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் எடுக்க வேண்டும். முதல் முறை குறைவாக வந்து இரண்டாம் முறை சாதாரணமாக வருவது அடிக்கடி நடக்கும். அமெரிக்க யூராலஜி சங்கம் வைத்திருக்கும் எல்லை டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். ரிப்போர்ட்டில் அலகைக் கவனியுங்கள்: சில லேப்கள் மில்லிலிட்டர் கணக்கில் தருவார்கள், அங்கே 3 என்றால் இங்கே 300.

இந்த 300-ஐ ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், ஆய்வுகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், சில்டனாஃபில் 100 பலிக்காத, டெஸ்டோஸ்டிரோன் 400-க்கு மேல் இல்லாத 75 பேருக்கு மாத்திரையோடு ஜெல் அல்லது போலி ஜெல் கொடுத்தார்கள். நான்காவது வாரத்தில் உண்மை ஜெல் பூசியவர்களுக்கு விறைப்பு தெளிவாக மேம்பட்டிருந்தது. 2011-இல் டடலாஃபிலை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் மொத்தக் கூட்டத்தில் வித்தியாசம் இல்லை, ஆனால் 300-ம் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. 2012-இல் 140 பேரை வைத்து, முதலில் சில்டனாஃபில் அளவை ஒவ்வொருவருக்கும் சரியாகப் பொருத்திவிட்டு, பிறகு ஜெல் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் எதுவும் இல்லை. அதாவது மாத்திரையை ஒழுங்காக எடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. 380, 420 என்று வருபவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நம் ஆளுக்கு முதல் முறை 228, இரண்டு வாரம் கழித்து 241. அடுத்து எல்.ஹெச்., புரோலாக்டின் என்ற இரண்டு ஹார்மோன்களின் அளவையும் பார்க்க வேண்டும். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் டெஸ்டோஸ்டிரோன் பூசிக்கொண்டிருப்பது நோயை மறைப்பதாகும். அவருக்கு இரண்டும் சாதாரணம். உடல் பருமனும் சர்க்கரையும் சேர்ந்த ஆண்களிடம் வழக்கமாகக் காணும் குறைவுதான்.

படி 3: தொடங்கலாமா என்று வடிகட்டுங்கள்

டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து கொடுத்தால் மூளை விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி விழுந்துவிடும். எனவே குழந்தை வேண்டும் என்பவருக்கு இது கூடவே கூடாது, அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு குழந்தையில்லை என்று வரும் இளைஞர்களின் கதை இதுதான்.

பிராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், சிகிச்சை எடுக்காத கடுமையான குறட்டை நோய் உள்ளவர்கள், ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருப்பவர்கள் ஆகியோருக்கும் இதைத் தொடங்கக் கூடாது. ரத்தம் கெட்டியா என்பதை பி.சி.வி. என்ற பரிசோதனையில் பார்ப்பார்கள். அதோடு பிராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வும் எடுப்பார்கள். நம் ஆளுக்கு பி.சி.வி. 44, பி.எஸ்.ஏ. 0.9. தொடங்கலாம்.

படி 4: ஜெல்லும் மாத்திரையும் சேர்த்து

தொடக்கத்துக்கு எனக்குப் பிடித்தது ஜெல். ஏதாவது கோளாறு என்றால் நிறுத்திய சில நாளில் அளவு இறங்கிவிடும். பத்து வாரத்துக்கு மேல் நிற்கும் நீண்டகால ஊசியைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. 1 சதவீத ஜெல் 5 கிராம் பொட்டலத்தில் 50 மில்லிகிராம் மருந்து இருக்கும், தினமும் ஒன்று.

காலையில் குளித்து, துடைத்து, தோள், மேல்கை அல்லது வயிற்றில் பூசிக் காயவிட வேண்டும். ஆணுறுப்பில் பூசினால் வேகமாக வேலை செய்யும் என்று நினைத்துப் பலர் பூசுகிறார்கள். கூடாது, எரிச்சல்தான் மிச்சம். பூசிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தைச் சட்டையால் மூடுங்கள். மனைவிமீதோ குழந்தைமீதோ ஜெல் ஒட்டினால் அவர்கள் உடம்பிலும் ஏறும். சிறு குழந்தைக்கு முன்கூட்டியே பருவ மாற்றங்கள் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் பேரக்குழந்தையைத் தூக்குபவர் இதை மறக்கக் கூடாது.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். படி 1-இல் சொன்ன அதே முறையில், தேவைப்படும் நாளில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெல் மட்டும் பூசிவிட்டு விறைப்பு வரவில்லை என்று சோர்ந்துபோவது, இந்தச் சிகிச்சையைப் பாதியாகச் செய்வது.

படி 5: எப்போது, எதைப் பார்த்து முடிவெடுப்பது?

ஆசை திரும்புவது மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தெரியும். விறைப்புக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும்.

ஆறாவது வாரத்தில் நம் ஆளின் அளவு 470. சாதாரண எல்லையின் நடுப்பகுதி, அதுதான் இலக்கு. ஜெல் பூசிய கையில் ரத்தம் எடுத்தால் தோலில் ஒட்டியிருப்பதும் கலந்து 1500 என்றுகூடக் காட்டலாம். அன்று வயிற்றில் பூசிக்கொண்டு போவது நல்லது. ஒருவேளை ஆறு வாரத்திலும் அளவு 250-இலேயே நின்றால் மருந்து சரியாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது ஊசிக்கு மாற்றுவார்.

மூன்றாம் மாதம் அவருடைய படிவ மதிப்பெண் 10-லிருந்து 17. மாத்திரை போட்ட பெரும்பாலான நாட்களில் உறவு முடிக்க முடிகிறது. பி.சி.வி. 47. இது 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அளவு இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ஜெல்லைவிட ஊசியில்தான் இந்தச் சிக்கல் அதிகம். முதல் வருடத்துக்குள் பி.எஸ்.ஏ. தொடக்க அளவைவிட 1.4-க்கு மேல் கூடினால் யூராலஜிஸ்டிடம் காட்ட வேண்டும்.

இதயத்தைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதய நோயோ அதற்கான அபாயமோ இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில், டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்து எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் சற்றுக் கூடுதலாக இருந்தன. கால் ஒரு பக்கம் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்தத்தில் அளவு சரியாகி, மாத்திரையும் ஒழுங்காக எடுத்து, ஆறு மாதம் ஆகியும் மதிப்பெண் நகரவில்லை என்றால் விறைப்புக்காக டெஸ்டோஸ்டிரோனைத் தொடர்வதில் பொருள் இல்லை. நிறுத்திய பிறகு உடம்பின் சொந்த உற்பத்தி மீளச் சில வாரங்களோ மாதங்களோ பிடிக்கும், அதுவரை சோர்வு இருக்கலாம். அடுத்து யூராலஜிஸ்ட் பேசக்கூடியவை: உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் அல்ப்ரோஸ்டாடில் ஊசி, வேக்குவம் கருவி, கடைசியாக உள்ளே பொருத்தும் இம்பிளான்ட். சர்க்கரையால் நரம்பும் ரத்தக்குழாயும் ரொம்பக் கெட்டுப்போனவர்களுக்கு நேராக இவற்றில் ஒன்றுதான் தேவைப்படும்.