க்ரூஸ் கன்ட்ரோல்: ரெஸ்யூம் பட்டனைத் தொடும் முன்

போன மாதம் உளுந்தூர்பேட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். எங்கள் பைக் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி, செட் செய்த வேகத்தில் பைக்கைத் தானாகவே ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்: "அண்ணே, பிரேக் பிடிச்சா க்ரூஸ் கட் ஆகுது. ஊர் தாண்டினதும் ரெஸ்யூம் அமுக்கினா பழைய ஸ்பீடு தானா வந்துடுது." எனக்குப் புரையேறிவிட்டது. 32 ஆயிரம் ரூபாய் கொடுத்து நான் புரிந்துகொண்ட விஷயம் அது.

மழையில் போடாதே, வளைவில் போடாதே என்பதெல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது. அதை விடுவோம்.

மறந்துபோன வேகத்துக்குத் திரும்புவது

கேபிள் வைத்த பைக்கில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் கம்பி நேராக த்ராட்டில் வால்வை இழுக்கும். ரைடு-பை-வயர் பைக்கில் கைப்பிடியின் திருப்பத்தை ஒரு சென்சார் அளக்கிறது, இசியு என்ற சின்னக் கணினி கணக்குப் போடுகிறது, சின்ன மோட்டார் ஒன்று வால்வைத் திறக்கிறது. வால்வைத் திறக்க மோட்டார் இருப்பதால் கையே தேவையில்லை. ரெஸ்யூம் அமுக்கினால், சக்கர வேகம் செட் செய்த வேகத்தைத் தொடும்வரை இசியு வால்வைத் திறந்துகொண்டே போகும். ரேடார் இல்லாத பைக்கில் முன்னால் என்ன போகிறது என்பது அதற்குத் தெரியாது.

நான் 90-ல் செட் செய்திருந்தேன். ஊர் வந்தது, பிரேக் பிடித்தேன், அரை மணி நேரம் நாற்பதிலேயே உருட்டினேன். வெளியே வந்து 50-ஐத் தொட்டதும் ரெஸ்யூம். எந்த வேகத்தில் செட் செய்தேன் என்பதே நினைவில் இல்லை. பைக் பாய்ந்தது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், இருபதில் போய்க்கொண்டிருந்தது. பதற்றத்தில் கை இறுகியது. இறுகும் கை கைப்பிடியை நம் பக்கமாகத்தான் திருப்பும், அதாவது இன்னும் ஆக்சிலரேஷன். பிரேக் லீவரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு விநாடிக்கு மேல் போய்விட்டது. 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 20 மீட்டர். டிரெய்லரின் விளிம்பில் முன்சக்கரம் மெதுவாகத்தான் மோதியது. ஆனாலும் ஃபோர்க் வளைந்துவிட்டது.

இப்போதெல்லாம் ரெஸ்யூமைத் தொடுவதில்லை. வேண்டிய வேகத்துக்கு என் கையாலேயே கொண்டுவருகிறேன். முன்னால் குறைந்தது அரை கிலோமீட்டர் காலியாகத் தெரிந்தால் மட்டும் செட். ஊர் நெருங்கினால் பிரேக்கால் மட்டும் நிறுத்தாமல், க்ரூஸின் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறேன். பெரும்பாலான பைக்குகளில் அப்போது பழைய வேகம் அழிந்துவிடும். கைப்பிடியை முழுக்க மூடி, அதற்கும் மேல் முன்பக்கமாகத் தள்ளினால் பல மாடல்களில் க்ரூஸ் உடனே விடுபடும். உங்கள் பைக்கில் அப்படி உண்டா என்று காலி ரோட்டில் பத்து முறை செய்து பாருங்கள், கைக்குப் பழகட்டும்.

இறக்கத்தில் நம்புவது

சாதாரண க்ரூஸ் பிரேக் பிடிக்காது. வால்வை மூடுவது மட்டும்தான் அதன் வேலை. நீண்ட இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் போதாமல் வேகம் 90-ஐத் தாண்டும்.

வலது கையை உதறுவது

க்ரூஸ் ஓடும்போது கை சும்மாதானே இருக்கிறது என்று எடுத்து உதறாதீர்கள். பிரேக் லீவருக்கு எட்டும் தூரத்திலேயே விரல்கள் இருக்கட்டும்.

இரவில்

போடாதீர்கள்.