மைக்ரோகோடில் நிபந்தனைத் தாவல்: 2910 சீக்வென்சரும் மேப்பிங் ரோமும் வைத்து ஒரு கட்டளையை ஓடவைக்கும் முறை

ரெஜிஸ்டர், மும்நிலை வெளியீடு, கிளாக் விளிம்பு ஆகியவை தெரியும் என்று வைத்துக்கொண்டு இந்தப் பதிவைத் தொடங்குகிறேன். நாம் செய்யப்போவது ஒரே ஒரு கட்டளை. B ரெஜிஸ்டரிலிருந்து ஒன்றைக் கழித்து, விடை சுழியமாக இல்லாவிட்டால் அடுத்த பைட்டில் உள்ள முகவரிக்குத் தாவும் `DBNZ` அது. அதன் ஆப்கோடை 4A என்று வைத்துக்கொள்வோம். கணினி எட்டு பிட் அளவுடையது, நினைவக முகவரியும் எட்டு பிட்தான்.

சீக்வென்சராக ஏஎம்டி நிறுவனம் 1970களில் வெளியிட்ட 2910 சில்லையே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த முகவரியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கவுண்டரும் மல்டிபிளெக்சரும் தனித்தனியாக வாங்கிச் செய்யலாம் என்றாலும், கற்றுக்கொள்வதற்கு 2910தான் தெளிவானது என்பது என் கருத்து. அது 12 பிட் முகவரியைத் தரும். நான்கு பிட் கட்டளையால் 16 வகையான அடுத்த முகவரித் தேர்வுகளைச் செய்யும். நமக்கு இங்கே மூன்று போதும். `CONT` அடுத்த முகவரிக்குச் செல்லும். `JMAP` மேப்பிங் ரோம் தரும் முகவரிக்குச் செல்லும். `CJP` நிபந்தனை நிறைவேறினால் மைக்ரோகட்டளையிலேயே எழுதப்பட்ட முகவரிக்கும், இல்லாவிட்டால் அடுத்ததற்கும் செல்லும்.

இணைப்பு

2910இன் D உள்ளீட்டில் இரண்டு மூலங்கள் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று, இப்போது ஓடும் மைக்ரோகட்டளையைப் பிடித்துவைத்திருக்கும் பைப்லைன் ரெஜிஸ்டரின் தாவல் முகவரிப் புலம், மற்றொன்று மேப்பிங் ரோம். எது பேச வேண்டும் என்பதைச் சில்லே தீர்மானித்து, `JMAP` வரும்போது MAP முனையையும், இங்கே பயன்படுத்தும் மற்ற கட்டளைகளில் PL முனையையும் தாழ்நிலைக்குக் கொண்டுவரும். எனவே அந்த முனைகளை அந்தந்தச் சில்லின் வெளியீட்டு அனுமதி முனையோடு நேரடியாக இணைத்தால் போதும். CI முனையை உயர்நிலையில் கட்டிவிடுங்கள். அது தாழ்நிலையில் இருந்தால் `CONT` அதே முகவரியையே திரும்பத் திரும்பத் தரும்.

நிபந்தனைக்கு 74 வரிசையின் 151 மல்டிபிளெக்சர் ஒன்று போதும். Z, C, N கொடிகளையும், எப்போதும் ஒன்றாக இருக்கும் T என்ற உள்ளீட்டையும் அதில் கொடுத்து, வெளியீட்டை ஒரு எக்ஸ்-ஆர் கேட் வழியாக CC முனைக்கு அனுப்புங்கள். CC தாழ்நிலையில் இருந்தால்தான் நிபந்தனை நிறைவேறியதாகப் பொருள். ஆகவே எக்ஸ்-ஆரின் மறு உள்ளீட்டுக்குப் போகும் மைக்ரோகோடு பிட் 1 ஆக இருந்தால் கொடி ஒன்றாக இருக்கையில் தாவும், 0 ஆக இருந்தால் கொடி சுழியமாக இருக்கையில் தாவும். CCEN முனையைத் தாழ்நிலையில் கட்ட மறக்காதீர்கள். அது உயர்நிலையில் இருந்தால் எல்லாத் தாவலும் நிபந்தனையற்ற தாவலாகிவிடும்.

மேப்பிங் ரோமை நிரப்புதல்

ஆப்கோடு இதற்கு முகவரி. உள்ளே இருப்பது அந்தக் கட்டளையின் முதல் மைக்ரோகட்டளை இருக்கும் இடம். 12 பிட் தேவை என்பதால் 28C16 இரண்டைப் பயன்படுத்தி, பயன்படாத மூன்று மேல் முகவரி முனைகளைத் தரையில் கட்டினேன். அட்டவணை மென்பொருளில் கையால் நிரப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மைக்ரோகோடை நகர்த்தும்போதெல்லாம் இந்த எண்களும் மாறும் என்பதால், சிறு பைத்தான் நிரலே நல்லது.

```python
m = [0x1FF] * 256
m[0x4A] = 0x140
open("map_lo.bin", "wb").write(bytes(x & 0xFF for x in m))
open("map_hi.bin", "wb").write(bytes(x >> 8 for x in m))
```

முதல் வரியைக் கவனியுங்கள். பயன்படாத ஆப்கோடுகள் அனைத்தும் 1FF முகவரிக்குச் செல்கின்றன; அங்கே இயந்திரத்தை நிறுத்தும் மைக்ரோகட்டளையை வைத்திருக்கிறேன். மைக்ரோகோடு நினைவகம் 512 சொற்களே என்பதால் ஒன்பது முகவரிக் கம்பிகள் மட்டுமே இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே அழிக்கப்பட்ட ரோம் தரும் FFF என்ற மதிப்பும் அதே இடத்தில்தான் போய் நிற்கும்.

மைக்ரோகோடு

```
000: MAR=PC            CONT
001: IR=MEM, PC=PC+1   CONT
002:                   JMAP
140: B=B-1, FL         CONT
141: MAR=PC, PC=PC+1   CJP Z,1,000
142: PC=MEM            CJP T,1,000
```

`CJP`க்குப் பின் இருப்பவை முறையே சோதிக்கும் கொடி, எக்ஸ்-ஆருக்குப் போகும் பிட், தாவும் முகவரி. `FL` என்பது கொடி ரெஜிஸ்டரை ஏற்றும் பிட். அது இல்லாமல் ஒவ்வொரு துடிப்பிலும் கொடிகளை ஏற்றிக்கொண்டிருந்தால், கட்டளையை எடுத்துவரும் மூன்று சொற்களுமே Z கொடியைக் கெடுத்துவிடும். 141இல் நிபந்தனை என்னவானாலும் இடப்பக்கச் செயல்கள் நடந்தே தீரும், ஏனெனில் தாவல் அடுத்த முகவரியை மட்டுமே மாற்றுகிறது. B சுழியமாகிவிட்டால், PC ஏற்கெனவே முகவரி பைட்டைக் கடந்திருப்பதால் 000க்குத் திரும்புவதே சரி.

இப்போது தடுமாறவைக்கும் இடத்திற்கு வருவோம். 140ஐயும் 141ஐயும் ஒரே சொல்லாக்கினால் ஒரு துடிப்பு மிச்சமாகுமே என்று தோன்றும்.

```
140: B=B-1, FL, MAR=PC, PC=PC+1   CJP Z,1,000
141: PC=MEM                       CJP T,1,000
```

இது பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. 140 பைப்லைன் ரெஜிஸ்டரில் இருக்கும் அதே துடிப்பில்தான் சீக்வென்சர் அடுத்த முகவரியைக் கணக்கிடுகிறது; கழித்தலின் விளைவு கொடி ரெஜிஸ்டருக்குள் போவதோ அந்தத் துடிப்பு முடியும் விளிம்பில். எனவே `CJP` சோதிப்பது இதற்கு முன் ஏற்றப்பட்ட பழைய Z கொடியை. B=3, Z=0 என்று தொடங்கி, இடையிலுள்ள கட்டளைகள் கொடிகளைத் தொடவில்லை என்று கொள்வோம். B முறையே 2, 1, 0 ஆகும் மூன்று முறையும் பழைய Z சுழியமே என்பதால் நிரல் மீண்டும் தாவுகிறது. நான்காம் முறை B சுழியத்திலிருந்து FF ஆகும்போதுதான், முந்தைய முறையின் Z=1 கண்ணில் பட்டு வெளியேறுகிறது. மூன்று முறை ஓட வேண்டியது நான்கு முறை ஓடி, B ரெஜிஸ்டரில் FF நின்றால் காரணம் இதுதான். இடையில் கொடியை மாற்றும் கட்டளை இருந்தால் எண்ணிக்கையில் எந்த ஒழுங்கும் இருக்காது.

`JMAP` தனிச் சொல்லாக 002இல் நிற்பதற்கும் இதே காரணம். அதை 001இலேயே வைத்தால், மேப்பிங் ரோம் IRஇல் இருக்கும் முந்தைய கட்டளையின் ஆப்கோடைப் பார்த்து, அந்த முந்தைய கட்டளையையே மறுபடி ஓட்டும்.

கிளாக் வேகத்தையும் 002தான் கட்டுப்படுத்துகிறது. அந்த ஒரு துடிப்பில் மட்டும் மேப்பிங் ரோம், சீக்வென்சர், மைக்ரோகோடு ரோம் மூன்றையும் சைகை கடக்க வேண்டும். 150 நானோநொடி ரோம்கள் இரண்டு என்றால் அவை மட்டுமே 300 நானோநொடியை எடுத்துக்கொள்ளும். முதலில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டும்போது கட்டளைகள் தவறான இடத்தில் தொடங்கி, `CJP` தாவல்கள் மட்டும் சரியாக இருந்தால், இந்தப் பாதைதான் போதவில்லை என்று அறியலாம்.

பின்சேர்க்கை: நினைவகத்தின் தயார்நிலைச் சைகையை 151இன் காலியான உள்ளீட்டில் நேரடியாகக் கொடுத்த வாசகர் ஒருவர், இயந்திரம் எப்போதாவது எங்கோ போய் நிற்கிறது என்று எழுதியிருந்தார். அந்தச் சைகை நம் கிளாக்கோடு ஒத்துப்போகாமல் துடிப்பின் இறுதியில் மாறினால், ரோமின் முகவரி பாதியில் மாறி, பைப்லைன் ரெஜிஸ்டரின் சில பிட்டுகள் ஒரு சொல்லிலிருந்தும் மற்றவை வேறொரு சொல்லிலிருந்தும் பதிவாகலாம். நம் கிளாக்கிலேயே இயங்கும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களை, அதாவது ஒரு 7474 சில்லை, அடுத்தடுத்து இடையில் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் நீங்கும். காத்திருப்பு இரண்டு துடிப்புவரை நீளும்.