கொள்முதல் பில் சரிபார்ப்பில் வங்கிக்கு முன் சரக்கு வரவுச் சீட்டு

தணிக்கை மாதிரிக்கு எடுத்த கொள்முதல் பில்லின் தொகையை நேராக வங்கி அறிக்கையில் தேடாமல், முதலில் சரக்கு வரவுச் சீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவைப் பார்த்து, கொடுத்திருக்க வேண்டிய தொகையை நீங்களே கணக்கிட்டு, அந்தத் தொகையைத் தேடுங்கள்.

மூட்டை 1,000 ரூபாய் வீதம் 100 மூட்டைக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட பில் 1,18,000 ரூபாய் என்று கொள்வோம். கிடங்கு 96 மூட்டைகளை மட்டுமே ஏற்றிருந்தால், நான்கு மூட்டைக்கு வரியுடன் 4,720 ரூபாய்க்குப் பற்றுக் குறிப்பு இருக்க வேண்டும்; வங்கியில் 1,13,280 ரூபாய்தான் சென்றிருக்க வேண்டும். பில் தொகையையே தேடுபவருக்குச் சரியான பணம் கண்ணில் படாது. அதைவிட மோசமாக, 1,18,000 முழுவதும் கொடுக்கப்பட்டிருந்தால், பொருந்திவிட்டது என்று குறியிட்டு, வராத நான்கு மூட்டைக்கும் பணம் போனதைத் தவறவிட்டுவிடுவார்.

பல பில்களுக்குச் சேர்த்துப் பணம் அனுப்பும் இடத்தில் தனித்தொகை கிடைக்காது. அங்கே சப்ளையருக்கு அனுப்பிய பணப் பட்டுவாடா விவரத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்க்க வேண்டும். சேவைப் பில்களுக்குச் சரக்கு வரவுச் சீட்டே இராது என்பதால் இம்முறை பொருந்தாது. பணம் இன்னும் கொடுக்கப்படாத பில் மாதிரியில் வந்தால், அதை மாற்றி வேறொன்றை எடுக்காமல், ஆண்டிறுதி நிலுவைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.