கடையைத் திட்டி எழுதும் முன் பில்லை எடுத்து வையுங்கள்

சர்வீஸ் சென்டரில் 1,200 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டு, உங்களைக் கேட்காமலேயே 2,900 வாங்கினார்கள் என்றால், தேதியோடு அதை அப்படியே எழுதுங்கள், பில் கையில் இருக்கிறது. "திருட்டுப் பசங்க, பழைய பார்ட்ஸைத்தான் போடுவாங்க" என்று எழுதினால் கதை வேறு, அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. உண்மை என்பது மட்டும் அதில் போதாது, பொது நன்மைக்காக எழுதியதாகவும் இருக்க வேண்டும். மற்ற வாடிக்கையாளர்கள் பில்லைச் சரிபார்க்க உதவும் தகவல் அந்த வகையில் சேரும், முதலாளியின் குடும்பச் சண்டை சேராது. அப்புறம், அங்கே வேலை செய்யும் பையனின் பெயர், படம் எதற்கு? விலையை முடிவு செய்தது அவன் இல்லையே. கடைக்காரர் பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள்.